கடைசி வேலை நாள்
(செவிலியர்களும் இறுதியாண்டு மாணவியரும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேற்படிப்புக்காக வேலையை விட்டுப் போகும் ஒரு செவிலியர் எழுதும் ராஜினாமா கடிதம். இன்று பேச எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். அரைப் பக்கக் கடிதத்துக்கு ஒரு மணி நேரப் பேச்சா என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். நர்சிங் சூப்பிரண்டென்டாக அந்தக் கடிதங்களை வாங்கும் மேசைக்குப் பின்னால் நான் பல வருடம் உட்கார்ந்திருந்தேன். அந்த அரைப் பக்கத்தில் ஒரே ஒரு வரி தவறிப்போய், ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலான பணத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கிடைத்த சீட்டில் போய்ச் சேர முடியாமல் தவித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் பேச்சு.

முதலில் ஓர் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். இன்று நான் பேசுவது தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸைப் பற்றி. அரசுப் பணியில் நிரந்தரமாக இருப்பவர்கள் இந்தக் கடிதத்தை எழுதவே வேண்டாம். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளின்படி அரசு வேலையை ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த பணிக்காலம் கழிந்துபோகும். நீங்கள் துறையிடம் தடையில்லாச் சான்று வாங்கி, பணியில் இருப்பவராகவே படிக்கப் போகும் வழியைத்தான் தேட வேண்டும். அது தனிக் கதை.

தனியாரில் இருப்பவர்களுக்கு அந்த வசதி பெரும்பாலும் இல்லை. எம்.எஸ்சி. நர்சிங் இரண்டு வருட முழுநேரப் படிப்பு. பகலில் வகுப்பும் வார்டு பயிற்சியும் இருக்கும். வேலையை வைத்துக்கொண்டே படிக்கலாம் என்ற எண்ணம் நடக்காது. இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி பி.எஸ்சி.யில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும், மாநிலக் கவுன்சிலில் பதிவு வேண்டும், பி.எஸ்சி. முடித்தபின் குறைந்தது ஒரு வருட வேலை அனுபவம் வேண்டும். அந்த ஒரு வருடத்துக்குச் சான்று தர வேண்டியது, நீங்கள் விட்டுப்போகப் போகிற அதே மருத்துவமனைதான். அதனால் கடிதம் எழுதும் முன்பே ஒரு வேலை இருக்கிறது. வேலையில் இருக்கும்போதே அனுபவச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். "இந்தத் தேதியில் சேர்ந்தார், இன்றுவரை பணியில் இருக்கிறார், இந்தப் பிரிவில் வேலை பார்க்கிறார்" என்று எழுதிக் கொடுத்தால் போதும். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டால் கொடுப்பார்கள். ராஜினாமா கொடுத்தபின் கேட்டால், "ரிலீவ் ஆகும்போது தருகிறோம்" என்பார்கள். அதற்குள் விண்ணப்பத்தின் கடைசி நாள் போயிருக்கும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களுக்கு இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கிரிட்டிகல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் என்றொரு இரண்டு வருட முதுநிலைப் படிப்பு இருக்கிறது. அது மருத்துவமனையிலேயே வேலை செய்துகொண்டு படிக்கும் ரெசிடென்சி முறையில் நடப்பது. உங்கள் ஆர்வம் ஐ.சி.யூ.விலேயே இருந்தால் அதையும் விசாரித்துவிட்டு ராஜினாமாவைப் பற்றி யோசியுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு செவிலியரை மனத்தில் வைத்துக்கொள்வோம். கணக்கு விளங்குவதற்காக நான் சொல்லும் உதாரணம் இது. ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் ஸ்டாஃப் நர்ஸ். 2021 ஜனவரி 4ஆம் தேதி வேலையில் சேர்ந்தார். மொத்தச் சம்பளம் 26,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 13,000. எம்.எஸ்சி.க்கு விண்ணப்பித்தார், இடம் ஒதுக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 8, திங்கட்கிழமை கல்லூரியில் சேர வேண்டும். ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வந்தது ஆகஸ்ட் 9. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார், திங்கட்கிழமை 11ஆம் தேதி கொடுப்பதற்காக.

அவர் எழுதிய முதல் கடிதம் இப்படி இருக்கிறது. மதிப்புக்குரிய அம்மா, இந்த மருத்துவமனையில் எனக்குக் கிடைத்த வாய்ப்புக்கு நன்றி, நான் மேற்படிப்பு படிக்க விரும்புவதால் என் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டு என்னை விரைவில் விடுவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கூடவே இரண்டு வரி: கடந்த ஆறு மாதமாகத் தொடர்ந்து நைட் டியூட்டி போட்டதால் உடல்நிலை சரியில்லை, ஊருக்குப் போய் ஒரு வாரம் ஓய்வெடுக்க வேண்டும், ஆகவே ஆகஸ்ட் 28ஆம் தேதியோடு விடுவித்தால் நல்லது.

மரியாதையான கடிதம்தான். படிக்கும் யாருக்கும் குறை தெரியாது. ஆனால் இதில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. மிகப் பெரியது அந்த ஆகஸ்ட் 28. அதற்கு வருகிறேன். முதலில் நோட்டீஸ் விஷயம்.

வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த நியமன ஆணையை எடுத்துப் பாருங்கள். பலர் அதை வாங்கிய அன்று படித்ததோடு சரி. அதில் நோட்டீஸ் காலம் என்று ஒரு பத்தி இருக்கும். ஒரு மாதம், இரண்டு மாதம், சில இடங்களில் மூன்று மாதம்கூடப் போட்டிருப்பார்கள். நம் உதாரணத்தில் 60 நாள். "60 நாள் முன்னறிவிப்பு அல்லது அதற்கு ஈடான சம்பளம்" என்று எழுதியிருக்கிறது. கல்லூரி கொடுத்திருப்பதோ நாலு வாரம். மேற்படிப்புக்காக வேலையை விடுபவர் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடுக்கு இதுதான். வேறு மருத்துவமனைக்குப் போகிறவர் புதிய இடத்தில் பேசி, சேரும் தேதியைத் தள்ளிவைக்கலாம். கல்லூரி தள்ளிவைக்காது. குறிப்பிட்ட நாளில் சேராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

மருத்துவமனை ஏன் 60 நாள் கேட்கிறது என்பதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது கணக்கு. நாலரை வருட அனுபவமுள்ள ஒருவர் போனால் அந்த இடத்தில் நேற்று சேர்ந்த பெண்ணை நிறுத்த முடியாது. ஆள் எடுத்து, கூடவே நிற்கவைத்துப் பழக்கி, தனியாக ஒரு படுக்கையை ஒப்படைக்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை மற்றவர்கள்தான் டபுள் டியூட்டி பார்க்க வேண்டும். நீங்கள் மூன்று வாரத்தில் போகிறேன் என்றால் அந்தச் சுமை உங்களோடு நின்ற தோழிகள் தலையில்தான் விழுகிறது. இதை உணர்ந்து எழுதிய கடிதத்துக்கும் உணராமல் எழுதிய கடிதத்துக்கும் கிடைக்கும் பதிலில் வித்தியாசம் உண்டு.

சரி, 60 நாள் எப்படி நாலு வாரம் ஆகும்? "விரைவில் விடுவிக்கவும்" என்று எழுதினால் ஆகாது. அது கேள்வியை நிர்வாகத்தின் கையில் கொடுத்துவிடுகிறது. அவர்கள் நியமன ஆணைப்படி அக்டோபர் 10 என்று எழுதிக் கொடுத்தால் நீங்கள் திரும்பப் பேச வேண்டியிருக்கும், அதற்குள் பத்து நாள் போயிருக்கும். கடிதத்திலேயே கணக்கைப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

அவர் செப்டம்பர் 6, சனிக்கிழமை வரை வேலை பார்க்கலாம். ஆகஸ்ட் 12இலிருந்து எண்ணினால் அது 26 நாள். பாக்கி 34 நாள். அவர் கணக்கில் ஈட்டிய விடுப்பு 14 நாள் இருக்கிறது. அதை நோட்டீஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கலாம். நிர்வாகம் ஒப்புக்கொண்டால் பாக்கி 20 நாள். அந்த 20 நாளுக்கு ஈடான சம்பளத்தைக் கட்டிவிடுவதாகச் சொல்லலாம். இங்கேதான் நியமன ஆணையை வரிவரியாகப் படிக்க வேண்டும். ஈட்டுச் சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமா, மொத்தச் சம்பளமா? அடிப்படை என்றால் 13,000ஐ 30ஆல் வகுத்து 20ஆல் பெருக்க, ஏறத்தாழ 8,667 ரூபாய். மொத்தம் என்றால் அதைப் போல இரண்டு மடங்கு, 17,333. ஆணையில் எது எழுதியிருக்கிறதோ அதன்படிதான் கேட்க முடியும். வாயால் ஒருவர் சொன்ன தொகைக்குத் தலையாட்டிவிடாதீர்கள். இன்னொன்று: சில ஆணைகளில் "நிர்வாகத்தின் விருப்பப்படி" என்ற சொற்கள் இருக்கும். அப்படி இருந்தால் பணம் கட்டுகிறேன் என்று நீங்களாக முடிவெடுக்க முடியாது, அவர்கள் சம்மதிக்க வேண்டும். அந்த மாதிரி இடத்தில் ஒதுக்கீட்டு ஆணையின் நகலைக் கடிதத்தோடு இணைப்பதுதான் உங்கள் பலம். சேர வேண்டிய தேதி அதில் அச்சிட்டிருக்கும்போது, சும்மா அவசரப்படுகிறார் என்று யாரும் சொல்ல முடியாது.

நான் மேசைக்குப் பின்னால் இருந்தபோது, கல்லூரி ஆணை இணைத்து, கணக்கும் போட்டு வந்த கடிதத்தை எச்.ஆருக்குப் பரிந்துரை செய்வது எனக்குச் சுலபமாக இருந்தது. ஒரு தேதியும் இல்லாமல் வந்த கடிதத்தை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

இப்போது அந்த ஆகஸ்ட் 28.

கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்குச் சேர வேண்டியது. ஐந்து வருடம் என்றால் காலண்டரில் ஐந்து வருடம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நம் செவிலியரும் அப்படித்தான் நினைத்தார். எனக்கு இன்னும் ஐந்து வருடம் ஆகவில்லை, எப்படியும் கிடைக்காது, 28ஆம் தேதி போனால் என்ன, 6ஆம் தேதி போனால் என்ன என்று.

ஆனால் 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1972ஆம் வருட பணிக்கொடைச் சட்டம் "தொடர்ச்சியான ஒரு வருடப் பணி" என்பதை வேறு விதமாகக் கணக்கிட்டது. வாரத்தில் ஆறு நாள் இயங்கும் இடத்தில், பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை பார்த்தாலே அது ஒரு வருடப் பணி. இதை வைத்து, நாலு வருடம் முடித்து ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கும் பணிக்கொடை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 

நம் செவிலியருக்கு நாலு வருடம் முடிந்தது 2025 ஜனவரி 3. ஐந்தாம் வருடம் ஜனவரி 4இல் தொடங்குகிறது. அன்றிலிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். ஜனவரியில் 28, பிப்ரவரியில் 28, மார்ச் 31, ஏப்ரல் 30, மே 31, ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்ட் 31. கூட்டினால் சரியாக 240. அதாவது 240ஆவது நாள் ஆகஸ்ட் 31. ஆகஸ்ட் 28ஆம் தேதி போனால் 237. மூன்று நாள் குறைகிறது.

எவ்வளவு பணம் என்று பார்ப்போம். அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து, 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்தால் ஒரு வருடத்துக்கான தொகை. 13,000க்கு அது 7,500 ரூபாய். கடைசி வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் அது முழு வருடமாகவே கணக்கில் சேரும். ஆக ஐந்து வருடத்துக்கு 37,500. இரண்டு வருடம் சம்பளமில்லாமல் படிக்கப் போகிற ஒரு பெண்ணுக்கு அது சின்னத் தொகை இல்லை. நோட்டீஸுக்காகக் கட்ட வேண்டிய பணத்தை அதிலேயே தீர்த்துவிட்டு, கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியையும் கட்டிவிடலாம்.

இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. சம்பளத்துடன் கூடிய விடுப்பும், மாதச் சம்பளத்துக்குள் அடங்கும் வார ஓய்வும் 240இல் சேரும் என்று வைத்துத்தான் நான் எண்ணினேன். சம்பளமில்லா விடுப்பு எடுத்த நாட்களைக் கழிக்க வேண்டும். ஐந்தாம் வருடத்தில் அம்மை போட்டு ஆறு நாள் சம்பளமில்லாமல் இருந்திருந்தால், ஆகஸ்ட் 31 என்பது செப்டம்பர் 6க்குத் தள்ளிப்போகும். நம் உதாரணத்தில் அப்போதும் மயிரிழையில் தப்பிக்கிறார். ஏழு நாள் என்றால் தப்பவில்லை. ஆகவே வருகைப் பதிவையும் சம்பளச் சீட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் இந்தத் தேதியை முடிவு செய்ய வேண்டும்.

சில நிர்வாகங்கள் "முழு ஐந்து வருடம் ஆகவில்லை, தர முடியாது" என்று சொல்வதுண்டு. அதை ராஜினாமா கடிதத்தில் விவாதிக்க வேண்டாம். அது வேலையை விட்டபின் தனி மனுவாகக் கேட்க வேண்டியது. மறுத்தால் தொழிலாளர் துறையில் இதற்கென்றே இருக்கும் அதிகாரியிடம் போகலாம். ஆனால் அங்கே போவதற்கான அடித்தளம் உங்கள் கடிதத்தில் இருக்கும் தேதிதான். 28 என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் எந்த அதிகாரியும் உங்களுக்கு உதவ முடியாது. ஊருக்குப் போய் அம்மா கையால் ஒரு வாரம் சாப்பிட வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆறு மாதம் நைட் பார்த்த உடம்புக்கு அது தேவையும்கூட. இந்த ஒரு தடவை அந்த வாரத்தைக் கல்லூரியின் முதல் விடுமுறைக்கு ஒத்திவையுங்கள் என்றுதான் அந்தப் பெண்ணிடம் சொல்வேன்.

இரண்டாவது ஓட்டை, அந்த நைட் டியூட்டி வரி. அதில் பொய் இல்லை. நைட் டியூட்டியை முறையாகச் சுற்றிவிடாத இன்சார்ஜ்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், அதைப் பற்றி எழுதத்தான் வேண்டும். ஆனால் அது வேறு கடிதம். ராஜினாமா கடிதத்தில் இரண்டு காரணம் இருந்தால் படிப்பவர் முதல் காரணத்தை நம்ப மாட்டார். படிப்புக்காகப் போகிறாரா, கோபித்துக்கொண்டு போகிறாரா என்று யோசிப்பார். நோட்டீஸைக் குறைத்துத் தருவதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே நியாயம் படிப்பு. அதைக் கலங்கலாக்கக் கூடாது. மேலும் இந்தக் காகிதம் உங்கள் பணிப்பதிவுக் கோப்பில் கடைசித் தாளாக இருக்கும். நாளைக்கு வளைகுடா நாட்டில் வேலைக்குப் போனால், நீங்கள் முன்பு வேலை பார்த்த மருத்துவமனைக்கே எழுதி உங்கள் அனுபவத்தைச் சரிபார்ப்பார்கள். அப்போது அந்தக் கோப்பைத் திறக்கும் எச்.ஆர். ஊழியருக்கு உங்களை முன்பின் தெரியாது. மேலே இருக்கும் தாளைப் பார்த்துத்தான் பதில் எழுதுவார்.

மூன்றாவது ஓட்டை, ஒரிஜினல் சான்றிதழ்கள். வேலையில் சேரும்போது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் பட்டச் சான்றையும் கவுன்சில் பதிவுச் சான்றையும் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. கல்லூரியில் சேரும் நாளில் ஒரிஜினல் கையில் இருக்க வேண்டும். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு ஆவண அறைக்குப் போனால் சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருப்பார். அதற்குப் பின் ஞாயிற்றுக்கிழமை, அதற்குப் பின் கல்லூரி. ஆகவே எந்தெந்தச் சான்றிதழ் அவர்களிடம் இருக்கிறது என்று பெயரும் எண்ணும் குறிப்பிட்டு, இந்தத் தேதிக்குள் வேண்டும் என்று தனியாக ஒரு கடிதம் அன்றே கொடுத்துவிட வேண்டும். ராஜினாமா கடிதத்துக்குள் இதைப் புகுத்தினால் இரண்டும் ஒன்றையொன்று பிணைத்துக்கொள்ளும். பாக்கிப் பணத்தைக் கட்டினால்தான் சான்றிதழ் என்று சொன்னால், அதை ஏற்க வேண்டியதில்லை. கல்விச் சான்றிதழ்கள் விற்பனைப் பொருள் இல்லை, அவற்றைப் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பாண்ட் போட்டுக்கொடுத்தவர்கள் சிலர் இங்கே இருப்பீர்கள். நம் உதாரணச் செவிலியருக்கு இரண்டு வருட பாண்ட் எப்போதோ முடிந்துவிட்டது. முடியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாண்ட் என்பது வெறும் காகிதம், கிழித்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு பொதுத்துறை வங்கி ஊழியர் மூன்று வருடம் முடியுமுன் விலகியதற்காக இரண்டு லட்சம் ரூபாய் கட்டிய வழக்கில், அந்த நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது. அதே சமயம் 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான ஈட்டையே கேட்க முடியும் என்கிறது. மருத்துவமனை உங்களுக்கு உண்மையில் என்ன பயிற்சி தந்தது, என்ன செலவு செய்தது என்ற கேள்வி அங்கே எழும். பாண்ட் காலம் பாக்கி இருப்பவர்கள் கடிதம் கொடுக்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

இனி அந்தக் கடிதத்தைத் திருத்தி எழுதுவோம். மருத்துவமனைகளில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கேட்பார்கள். பொருளைத் தமிழில் சொல்கிறேன், உங்களுக்கு வேண்டிய மொழியில் எழுதிக்கொள்ளுங்கள்.

"2025 ஆகஸ்ட் 11.

நர்சிங் சூப்பிரண்டென்ட் அவர்களுக்கு. ஐ.சி.யூ. இன்சார்ஜ் சிஸ்டர் வழியாக. நகல்: மனிதவளத் துறை.

பொருள்: மேற்படிப்புக்காகப் பணியிலிருந்து விலகுதல்.

அம்மா, வணக்கம். நான் 2021 ஜனவரி 4 முதல் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாகப் பணிபுரிகிறேன். எம்.எஸ்சி. நர்சிங் படிப்பில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பர் 8ஆம் தேதி கல்லூரியில் சேர வேண்டும். ஒதுக்கீட்டு ஆணையின் நகலை இணைத்திருக்கிறேன். ஆகவே பணியிலிருந்து விலகுகிறேன். என் கடைசி வேலை நாள் 2025 செப்டம்பர் 6.

நியமன ஆணைப்படி 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பதை அறிவேன். செப்டம்பர் 6 வரை 26 நாள் பணியில் இருப்பேன். மீதமுள்ள 34 நாளில், என் கணக்கில் உள்ள 14 நாள் ஈட்டிய விடுப்பைச் சரிசெய்துகொள்ளுமாறும், எஞ்சிய 20 நாளுக்கு ஆணையில் உள்ளபடி ஈட்டுச் சம்பளத்தை என் இறுதிக் கணக்கில் பிடித்துக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த 26 நாளில், எனக்குப் பதிலாக வருபவருக்கு வென்டிலேட்டர் பராமரிப்பிலும் பிரிவின் பதிவேடுகளிலும் பயிற்சி தரத் தயாராக இருக்கிறேன். என் பொறுப்பில் உள்ளவற்றை இன்சார்ஜ் சிஸ்டர் சொல்பவரிடம் எழுத்தில் ஒப்படைப்பேன்.

இந்தப் பிரிவில் கற்றதுதான் என்னை மேலே படிக்கத் தூண்டியது. நன்றி."

அவ்வளவுதான். விலகுகிறேன் என்பது அறிவிப்பாக இருக்கிறது. நோட்டீஸைச் சரிக்கட்டுவது மட்டும் வேண்டுகோளாக இருக்கிறது. முதல் கடிதத்தில் இரண்டும் கலந்திருந்தன. ராஜினாமாவையே "ஏற்றுக்கொள்ளுமாறு" கெஞ்சியதால், ஏற்கவில்லை என்று சொல்வதற்கு நிர்வாகத்துக்கு இடம் கொடுத்திருந்தார். நன்றி ஒரே வரி, அதுவும் அவர் படிக்கப் போகும் படிப்போடு ஒட்டிய வரி. அதற்கு மேல் வேண்டாம்.

கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். அன்றே எச்.ஆர். மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். "சிஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்", "வாட்ஸாப்பில் போட்டுட்டேன்" என்பதை நம்பி அந்த 26 நாளை எண்ணத் தொடங்கக் கூடாது. பெற்றுக்கொண்ட தேதியிலிருந்துதான் எண்ணிக்கை.

ஒதுக்கீட்டு ஆணை கையில் வராமல் இந்தக் கடிதத்தைக் கொடுக்கக் கூடாது என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். தேர்வு எழுதிவிட்டேன், எப்படியும் கிடைக்கும் என்று கொடுத்துவிட்டு, கிடைக்காமல் போனால் திரும்பப் பெறலாமா? பின்தேதியிட்ட ராஜினாமாவை, அந்தத் தேதி வருவதற்குள் திரும்பப் பெறலாம் என்று 1978இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. அது ஒரு நீதிபதியின் ராஜினாமா பற்றிய வழக்கு. தனியார் மருத்துவமனை ஏற்றுக்கொண்டு ஆளும் எடுத்துவிட்டால், அந்தத் தீர்ப்பைக் காட்டி மறுநாள் டியூட்டிக்குப் போய் நிற்பது நடைமுறையில் முடியாத காரியம்.

கடைசி வாரத்தைப் பற்றிக் கொஞ்சம். ஐ.சி.யூ. செவிலியர் ஒப்படைக்க வேண்டியவற்றில் முதன்மையானது போதை மருந்துப் பதிவேடு. மார்ஃபின், ஃபென்டனில் ஆம்பியூல்களின் இருப்பு, பதிவேட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று இன்னொருவர் முன்னிலையில் எண்ணி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் போன பத்தாம் நாள் ஓர் ஆம்பியூல் குறைந்தால், அங்கே இல்லாதவர் பெயரைச் சொல்வதுதான் எல்லோருக்கும் எளிது. அவசர மருந்து டிராலியின் சரிபார்ப்புப் பட்டியலையும் அப்படியே கையெழுத்தோடு ஒப்படையுங்கள். மருத்துவமனைக் கணினியில் உங்கள் பெயரில் உள்ள லாகினை முடக்கச் சொல்லி, முடக்கிய தேதியை எழுதி வாங்குங்கள். உங்கள் லாகினில் வேறு யாரோ மருந்து பதிவு செய்தால் அதற்குப் பொறுப்பு உங்கள் பதிவு எண்ணுக்கு வந்து சேரும். நீங்கள் வேலையை விட்டாலும் அந்த எண் வாழ்நாள் முழுக்க உங்களோடு வருவது.

நோ டியூஸ் படிவத்தை ஐந்தாறு நாள் முன்பே வாங்கிவிடுங்கள். ஹாஸ்டல், மெஸ், நூலகம், லாண்டரி, பார்மஸி, கணக்குப் பிரிவு என்று கையெழுத்து ஒவ்வொன்றாக வர வேண்டும். நைட் டியூட்டியில் இருந்தால் பகலில் தூக்கத்தை விட்டுத்தான் அலைய வேண்டும். முடிந்தால் கடைசி வாரத்துக்கு மார்னிங் டியூட்டி கேளுங்கள், பெரும்பாலான இன்சார்ஜ்கள் தருவார்கள். நோ டியூஸ் முடிந்தால்தான் ரிலீவிங் லெட்டர். அதிலும் அனுபவச் சான்றிலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, பிரிவு நாலும் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று படியுங்கள். விலகிய தேதி செப்டம்பர் 6 என்பதற்குப் பதிலாக ஆகஸ்ட் 31 என்றோ, நோட்டீஸ் கணக்கைச் சேர்த்து அக்டோபர் என்றோ தட்டச்சாகிவிடுவது உண்டு. அக்டோபர் என்று இருந்தால் கல்லூரியில் படித்துக்கொண்டே மருத்துவமனையிலும் வேலை பார்த்ததாக ஆகிவிடும். ஒரே காலத்தில் இரண்டு இடம் என்று பின்னால் சரிபார்ப்பில் மாட்டும்.

கடைசியாக வருங்கால வைப்பு நிதி. வேலையை விட்டவுடன் அதை எடுத்துவிடும் பழக்கம் நம் பெண்களிடம் இருக்கிறது. கல்லூரிக் கட்டணம் கட்ட வேறு வழியே இல்லை என்றால் எடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் ஐந்து வருடம் முடியாமல் எடுத்தால் வருமான வரிக் கணக்கில் வரும். நம் செவிலியருக்கு நாலு வருடம் எட்டு மாதம்தான் ஆகிறது. பணிக்கொடையில் கிடைத்த 240 நாள் சலுகை இங்கே கிடையாது. ஓய்வூதியத்துக்குப் பத்து வருடப் பணி வேண்டும். படிப்பை முடித்து ஏதாவது ஒரு கல்லூரியில் டியூட்டராகவோ மருத்துவமனையிலோ சேரும்போது அதே யூ.ஏ.என். எண்ணைக் கொடுத்தால், இந்த நாலு வருடம் எட்டு மாதம் அதனோடு சேர்ந்துகொள்ளும். எடுத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. இதற்கும் மருத்துவமனை நீங்கள் விலகிய தேதியை வைப்பு நிதி இணையதளத்தில் பதிய வேண்டும். பதியாமல் விட்டுவிட்டால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே ஆதார் எண்ணோடு உள்ளே போய்ப் பதியலாம். அங்கேயும் கேட்கும் தேதி, செப்டம்பர் 6.